120 கிலோமீட்டர் என்றார்கள், 80-தான் ஓடுகிறது: மின் ஸ்கூட்டர் பேட்டரியின் கணக்கு

மின் ஸ்கூட்டர் வாங்கிய ஒரு மாதத்தில் பெரும்பாலோருக்கு வரும் சந்தேகம் ஒன்றுதான். ஷோரூமில் ஒரு சார்ஜுக்கு 120 கிலோமீட்டர் என்றார்கள், ஓட்டிப் பார்த்தால் 80-ஐத் தொடுவதே பெரும்பாடாக இருக்கிறது. பேட்டரி பழுதா, கம்பெனி பொய் சொல்கிறதா, நமக்கு ஓட்டத் தெரியவில்லையா? பெரும்பாலும் மூன்றுமே இல்லை. அந்த 120 ஒரு குறிப்பிட்ட சோதனையில் கிடைத்த எண். அந்தச் சோதனையின் சாலை வேறு, மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் சாலை வேறு.

ரேஞ்ச், சார்ஜ் ஆகும் நேரம், வாரண்டி என்று மூன்று தனித்தனிக் கேள்விகளாக இதைக் கேட்பது வழக்கம். மூன்றுக்கும் விடை ஒரே எண்ணில் இருக்கிறது: பேட்டரியில் எத்தனை யூனிட் மின்சாரம் நிற்கும் என்பதில்.

## யூனிட்டிலிருந்து தொடங்குவோம்

பேட்டரி அளவைக் கிலோவாட் மணி என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். மிரள வேண்டாம், மின்வாரிய பில்லில் வரும் யூனிட் அதுதான். 3 கிலோவாட் மணி பேட்டரி என்றால் 3 யூனிட் பிடிக்கும் பேட்டரி. ஒரு யூனிட் என்பது 1,000 வாட் மணி.

சில பேட்டரிகளில் வோல்ட்டும் ஆம்பியர் மணியும் மட்டும் எழுதியிருக்கும். இரண்டையும் பெருக்கினால் போதும். 51.2 வோல்ட், 58 ஆம்பியர் மணி என்றால் ஏறத்தாழ 2,970 வாட் மணி, அதாவது 3 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு.

இந்த 3 யூனிட்டும் நம் கைக்கு வராது. செல்கள் அடியோடு காலியாகவோ மிதமிஞ்சி நிரம்பவோ விடாமல், பி.எம்.எஸ் எனப்படும் கட்டுப்பாட்டுப் பலகை மேலும் கீழும் கொஞ்சம் ஒதுக்கி வைக்கும். மீட்டரில் 100-லிருந்து 0 வரும்வரை நமக்குக் கிடைப்பது சுமார் 2.7 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கட்டுரை முழுக்க இதே பேட்டரியை எடுத்துக்கொண்டே கணக்குப் போடலாம்.

## 120 என்ற எண் எங்கே பிறந்தது

இந்தியாவில் இருசக்கர வாகனங்களுக்கு ஐ.டி.சி என்றொரு ஓட்டுச் சுழற்சி இருக்கிறது. வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி, சோதனைக்கூடத்துக்குள்ளேயே ஓட்டுவார்கள். ஒரு சுற்றுக்கு 108 விநாடி. அதிகபட்ச வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர், சராசரி வேகம் 22 கிலோமீட்டருக்குப் பக்கம். பேட்டரி தீரும்வரை இதே சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டி, வந்த தூரத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். பின்னால் ஆள் கிடையாது, மேடு கிடையாது, எதிர்க்காற்றும் கிடையாது.

நம் 2.7 யூனிட் பேட்டரி இந்தச் சோதனையில் 120 கிலோமீட்டர் ஓடியது என்றால், ஒரு கிலோமீட்டருக்கு 22.5 வாட் மணி செலவாகியிருக்கிறது. நாம் கவனிக்க வேண்டியது இந்தச் செலவை. பேட்டரி அதே பேட்டரிதான், நம் சாலையில் இந்த 22.5 எவ்வளவாக ஏறுகிறது என்பதுதான் கேள்வி.

## நம் சாலையில் செலவு ஏறும் வழிகள்

1. வேகம். இதுதான் முதல் எதிரி. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 40-ல் போகும்போது இருந்த தடை 60-ல் போகும்போது இரண்டேகால் மடங்காகிவிடும். ஓட்டுபவரோடு சேர்த்து 180 கிலோ இருக்கும் ஒரு சாதாரண ஸ்கூட்டருக்குத் தோராயமாகக் கணக்குப் போட்டால், சமதளத்தில் நிலையாக 40-ல் போக ஒரு கிலோமீட்டருக்கு 23 வாட் மணி, 50-ல் 31, 60-ல் 41 ஆகும். நகருக்குள் நின்று நின்று போகும் வண்டியைவிட நான்குவழிச் சாலையில் ‘ஃப்ரீயாக’ ஓடும் வண்டிக்குத்தான் ரேஞ்ச் குறைவு. பெட்ரோல் வண்டியில் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

2. காற்று. கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் மேற்கிலிருந்து கிழக்காகப் பிய்த்துக்கொண்டு போகும்.

நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். நம் வண்டி 50-ல் போகிறது, காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நேர் பின்னாலிருந்து அடிக்கிறது என்று வையுங்கள். வண்டிக்கு அது 30-ல் போவதுபோலத்தான். கிலோமீட்டருக்கு 17 வாட் மணி போதும், பேட்டரியில் 10 சதவீதம்கூடக் குறையாது. திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் மோதும். இப்போது வண்டி 70-ல் போவதற்குச் சமமான காற்றைக் கிழிக்க வேண்டும். செலவு 52 வாட் மணி, அதே 15 கிலோமீட்டருக்கு 29 சதவீதம் போய்விடும்.

போகும்போது மிச்சம் பிடித்தது வரும்போதைய நஷ்டத்துக்கு ஈடாகாது என்பதைக் கவனியுங்கள். இருவழியையும் சேர்த்துப் பார்த்தால் காற்றில்லாத நாளைவிடச் செலவு பத்து சதவீதத்துக்கும் மேல் கூடுகிறது. அதைவிட ஆபத்தானது, போகும்போது மீட்டரைப் பார்த்துத் திரும்பும் தூரத்தைக் கணக்கிடுவது. காற்றுக்காலத்தில் அந்தக் கணக்கு ஏமாற்றிவிடும்.

3. மேடு. நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை சாலை ஏறி இறங்கித்தான் போகும். பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் மேடு நாம் நினைக்கும் அளவுக்குப் பேட்டரியைத் தின்பதில்லை. 180 கிலோவை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற சுமார் 60 வாட் மணி போதும். சமதளத்தில் இரண்டு கிலோமீட்டர் ஓடும் செலவுதான் அது. இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் அதிலும் கொஞ்சம் திரும்பிவரும். செங்குத்தான ஏற்றத்தில் சிரமப்படுவது மோட்டாரும் கண்ட்ரோலரும், அவை சூடேறி வேகத்தைக் குறைக்கும். அது வேறு பிரச்சினை.

4. பின்னால் ஆள். 65 கிலோ கூடினால் கிலோமீட்டருக்கு மூன்று நான்கு வாட் மணி கூடும். நின்று நின்று கிளம்பும் இடங்களில் இன்னும் கொஞ்சம். டயரில் காற்று குறைந்திருந்தாலும் ஏறத்தாழ இதே நஷ்டம்தான். அதற்கு மட்டும் பத்து ரூபாயில் மருந்து உண்டு.

## ஒருவரின் அன்றாடக் கணக்கு

மார்த்தாண்டத்தில் வீடு, நாகர்கோவிலில் வேலை. ஒரு வழிக்குச் சுமார் 30 கிலோமீட்டர், தினமும் 60. மாதம் 25 நாள். பெரும்பாலும் 45 முதல் 55 வேகம், நடுவே தக்கலையின் நெரிசல். செலவைக் கிலோமீட்டருக்கு 34 வாட் மணி என்று வைக்கலாம்.

2,700-ஐ 34-ஆல் வகுத்தால் 79 கிலோமீட்டர். 120-ல் மூன்றில் இரண்டு பங்கு. இப்படிப்பட்ட ஓட்டத்துக்கு இது குறையே இல்லை, நியாயமான எண்தான். புதிய வண்டியில் இதைவிட மிகக் குறைந்து 60 என்று வந்தால் அப்போது பிரேக் உரசுகிறதா, டயரில் காற்று இருக்கிறதா, ஏதாவது செல் சரியில்லையா என்று பார்க்கச் சொல்லலாம்.

தினசரித் தேவை 60 × 34, அதாவது 2,040 வாட் மணி. 100-ல் கிளம்பினால் இரவு வீடு வரும்போது 24 சதவீதம் மிச்சமிருக்கும். புதிய வண்டிக்கு வசதியான நிலைமைதான். வாங்கும்போது இந்த இடத்தோடு கணக்கை நிறுத்திவிடுவார்கள். பேட்டரி பழையதானால் என்ன ஆகும் என்பது வாரண்டிப் பகுதியில் வரும்.

## சார்ஜ் நேரம்: சார்ஜரின் முதுகைப் பாருங்கள்

சார்ஜரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வெளியீடு 58.4 வோல்ட், 12 ஆம்பியர் என்பதுபோல இருக்கும். பெருக்கினால் 700 வாட். மணிக்கு 0.7 யூனிட் ஊற்றும் சார்ஜர் என்று பொருள். 2.7 யூனிட் நிரப்ப நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும்.

ஆனால் நேரம் அதோடு முடிவதில்லை. பேட்டரி நிரம்பி வரும்போது சார்ஜர் ஆம்பியரைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போகும், செல்களைச் சமப்படுத்தும் வேலையும் அப்போதுதான் நடக்கும். அதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி வரை பிடிக்கலாம். விளம்பரத்தில் ‘0 முதல் 80 சதவீதம்’ என்று நேரம் போடுவதற்குக் காரணம் இதுதான், மெதுவாகும் பகுதியை விட்டுவிட்டுச் சொல்கிறார்கள். ‘நிமிடத்துக்கு இத்தனை கிலோமீட்டர்’ என்று வேகச் சார்ஜிங் பற்றிச் சொல்லும்போதும் அது சோதனைக்கூடத்துக் கிலோமீட்டரா, நம் சாலைக் கிலோமீட்டரா என்று கேளுங்கள்.

நம் மார்த்தாண்டத்துக்காரர் தினமும் நிரப்ப வேண்டியது 2.04 யூனிட். கடைசி மெதுவான பகுதியையும் சேர்த்தால் மூன்றரை மணி நேரம். இரவில் போட்டுவிட்டால் விடிவதற்குள் நிரம்பிவிடும். சார்ஜரிலும் பேட்டரியிலும் சூடாகப் போவது பத்துப் பதினைந்து சதவீதம் என்பதால் வீட்டு மீட்டரில் ஓடுவது 2.35 யூனிட் வரை வரும். இரண்டு மாதத்துக்கு 118 யூனிட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது தெரியும், வண்டி மட்டுமே அதைத் தின்றுவிடும். பெட்ரோலோடு ஒப்பிட்டால் இதுவும் மலிவுதான். ஆனால் ‘கரண்ட் சும்மாதானே’ என்ற பேச்சில் உண்மையில்லை.

இரண்டு விஷயங்கள் நேரத்தை நீட்டும். ஓட்டி வந்த சூட்டிலேயே போட்டால் பி.எம்.எஸ் ஆம்பியரைக் குறைக்கலாம், அரை மணி ஆறவிட்டுப் போடுவது நல்லது. மாலையில் வோல்டேஜ் இறங்கும் கிராமங்களில் சார்ஜர் அறுந்து அறுந்து வேலை செய்யும், பத்து மணிக்கு மேல் போட்டால் ஒழுங்காக ஏறும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மட்டும் போட வேண்டாம். 800 வாட்டை மணிக்கணக்கில் இழுக்கும்போது ப்ளக்கைத் தொட்டுப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

## வாரண்டி எதை ஈடுசெய்கிறது

மூன்று வருடம், ஐந்து வருடம், எட்டு வருடம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதன் கீழே உள்ள சிறிய எழுத்தில்தான் விஷயம். நான்கு இடங்களைப் பார்த்தால் போதும்.

1. ‘எது முதலில் வருகிறதோ அதுவரை.’ 3 வருடம் அல்லது 50,000 கிலோமீட்டர் என்ற வாரண்டியை எடுங்கள். நம் ஆள் மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறார். 50,000 கிலோமீட்டர் 2 வருடம் 9 மாதத்தில் முடிந்துவிடும். 8 வருடம் அல்லது 80,000 கிலோமீட்டர் என்று பணம் கட்டி நீட்டிய வாரண்டி வாங்கினாலும் அவருக்கு அது 4 வருடம் 5 மாத வாரண்டிதான். நாளுக்கு 15 கிலோமீட்டர் ஓட்டும் ஆசிரியருக்கோ அதே தாள் முழு 8 வருடம் வரும். நீட்டிப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் இந்த வகுத்தலை ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

2. சதவீத எல்லை. வாரண்டி காப்பது பேட்டரியின் கொள்ளளவை. ரேஞ்ச் அதில் வராது. பல கம்பெனிகள் 70 சதவீதம் என்றும் சில 80 சதவீதம் என்றும் எல்லை வைக்கின்றன. கொள்ளளவு அதற்குக் கீழே போனால்தான் பழுது என்று ஒப்புக்கொள்வார்கள்.

நம் கணக்கில் இதைப் போட்டுப் பார்த்தால் சிக்கல் தெரியும். தினசரித் தேவை 2,040 வாட் மணி. பேட்டரி 80 சதவீதத்துக்கு இறங்கினால் 2,160 தரும், 63 கிலோமீட்டர். வீட்டு வாசலில் மூன்று கிலோமீட்டர் மிச்சத்தோடு வந்து நிற்கலாம், காற்றுக்காலத்தில் அதுவும் நிச்சயமில்லை. 75 சதவீதத்துக்கு இறங்கினால் 2,025, வீடு வந்து சேராது. ஆனால் 70 சதவீத எல்லை போட்ட கம்பெனியின் கணக்கில் அந்தப் பேட்டரி நல்ல பேட்டரி. 70-க்கும் 76-க்கும் இடையில் உள்ள இந்த இடைவெளிக்கு யாரும் பொறுப்பில்லை.

எனவே நெடுந்தூரம் ஓட்டுபவர் வாங்கும்போதே ஒன்று செய்யலாம்: தினசரித் தேவையை வாரண்டி எல்லைச் சதவீதத்தால் வகுப்பது. 2,040-ஐ 0.70-ஆல் வகுத்தால் 2,914. கைக்கு வரும் அளவே 2.9 யூனிட் வேண்டும், அதாவது ஸ்டிக்கரில் 3.2 யூனிட்டுக்கு மேல் போட்ட பேட்டரி. நம்முடைய 3 யூனிட் வண்டி இந்த ஆளுக்கு ஒரு அளவு சிறியது. நாகர்கோவிலில் வேலையிடத்தில் ப்ளக் பாயிண்ட் கிடைக்கிறது என்றால் மட்டும் இதுவே தாராளம்.

3. எவை சேராது. திறந்து பார்த்த பேட்டரி, வேறு சார்ஜரில் போட்டது, சர்வீஸ் தவறியது, வாடகைக்கு ஓட்டியது, தண்ணீரில் மூழ்கியது. இந்த மாவட்டத்தில் இரண்டை அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஒன்று தண்ணீர். ஐ.பி. 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் நனைந்தாலும் உள்ளே தண்ணீர் போகாது என்பதற்கான சோதனை. புதிய பேட்டரியை நல்ல தண்ணீரில் போட்டுச் செய்வது. இரண்டு பருவமழையும் கொட்டும் ஊரில், வெள்ளத்தில் ஓரிரவு நின்ற வண்டிக்கு அந்த முத்திரையைக் காட்டி வாரண்டி கேட்க முடியாது. அதற்கு இன்சூரன்ஸ்தான் வழி. மூழ்கிய வண்டியை ஆன் செய்து பார்க்காமல், சார்ஜும் போடாமல் அப்படியே சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று மெதுவாக இதே வேலையைச் செய்யும். குளச்சல், முட்டம் பக்கம் வண்டி நிறுத்துபவர்கள் சார்ஜ் போடும் துளையின் முனைகளை அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டும். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் அங்கே தடை கூடி, சார்ஜ் ஏறும்போது சூடாகும். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் சூடு ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

இரண்டாவது, சும்மா நிற்கும் வண்டி. தூத்தூர் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் திரும்புவதில்லை, வளைகுடாவில் இருப்பவர்களின் வண்டி மாதக்கணக்கில் வீட்டில் நிற்கும். அணைத்து வைத்த வண்டியிலும் பி.எம்.எஸ்ஸும் இருப்பிடம் சொல்லும் கருவியும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். 10 சதவீதத்தில் விட்டுப் போன வண்டி இரண்டு மாதத்தில் அடியோடு காலியாகி, செல்கள் பாதுகாப்பு அளவுக்குக் கீழே இறங்கி, பி.எம்.எஸ் பூட்டிக்கொள்ளும். அப்புறம் சார்ஜர் போட்டாலும் எடுக்காது. இதைக் கவனக்குறைவு என்று எழுதி வாரண்டியை மறுப்பார்கள், தாளிலும் அப்படித்தான் இருக்கும். 100-ல் விட்டுப் போவதும் சரியில்லை, நிரம்பிய நிலையில் வெயிலில் நிற்பது செல்களை முதுமையாக்கும். 50, 60-ல் நிறுத்திவிட்டு, மாதம் ஒரு முறை வீட்டில் யாராவது பார்த்து மறுபடி அந்த அளவுக்கு ஏற்றி வைத்தால் போதும்.

4. மாற்றித் தருவது என்ன. பல தாள்களில் ‘பழுதுபார்த்தோ மாற்றியோ’ என்றுதான் இருக்கும். புதிய பேட்டரிக்குப் பதில் சரிசெய்யப்பட்ட பேட்டரி வரலாம். அதற்குப் புதிதாக வாரண்டி தொடங்காது, பழையதின் மிச்ச நாள்தான் ஓடும்.

## கொள்ளளவு குறைந்ததை எப்படிக் காட்டுவது

ரேஞ்ச் குறைகிறது என்று போய்ச் சொன்னால் ‘நீங்க ஓட்டுற விதம் அப்படி’ என்ற பதில் தயாராக இருக்கும். அதில் பாதி உண்மையும் இருப்பதால் மறுக்க முடியாது. அவர்களும் மறுக்க முடியாத மாதிரி நாம் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

வண்டி புதிதாக இருக்கும்போதே, ஒரே பாதையில், ஒரே மோடில், ஒரே ஆளோடு போய்வந்து, எத்தனை கிலோமீட்டருக்கு எத்தனை சதவீதம் இறங்கியது என்று குறியுங்கள். நம் ஆளுக்குப் புதிதில் 60 கிலோமீட்டருக்கு 76 சதவீதம் இறங்கியது. மூன்று வருடம் கழித்து அதே 60-க்கு 95 இறங்கினால், 76-ஐ 95-ஆல் வகுத்தால் 0.8. பேட்டரி ஏறத்தாழ 80 சதவீதத்துக்கு வந்துவிட்டது. ஜூலையை ஜூலையோடும் ஜனவரியை ஜனவரியோடும் ஒப்பிட வேண்டும், இல்லாவிட்டால் காற்றின் குற்றத்தைப் பேட்டரி மேல் போட்டதாகிவிடும்.

சதவீதம் காட்டும் மீட்டரும் சில சமயம் தவறும். குறிப்பாக இரும்புப் பாஸ்பேட் வகை செல்களில் வோல்டேஜ் நடுவில் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கும் என்பதால், பி.எம்.எஸ்ஸுக்கு மிச்சத்தை ஊகிப்பது கடினம். 30 காட்டிக்கொண்டிருந்த வண்டி சட்டென்று 12-க்கு விழுந்தால் பயந்துவிட வேண்டாம். முழுதாக 100 ஏற்றி, ஆம்பியர் தானாக நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ப்ளக்கை எடுக்காமல் விட்டால் மீட்டர் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்குப் பிறகும் அதே இடத்தில் விழுந்தால் ஒரு செல் வரிசை மற்றவற்றைவிடப் பலவீனமாகிவிட்டது என்று சந்தேகிக்கலாம், இது வாரண்டியில் கேட்க வேண்டிய பழுது.

இந்தக் குறிப்புகளோடு சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஹெல்த் சதவீதத்தைக் கம்ப்யூட்டரில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். செல் வரிசைகளின் வோல்டேஜும் அதே திரையில் வரும். வாயால் சொன்னால் போதாது, ஜாப் கார்டில் தேதியோடும் ஓடிய கிலோமீட்டரோடும் எழுதி வாங்க வேண்டும். நம் மார்த்தாண்டத்துக்காரர் இதைக் கேட்க வேண்டியது 48,000 கிலோமீட்டரில், 51,000-ல் கேட்டால் 50,000 கிலோமீட்டர் வாரண்டி முடிந்திருக்கும்.